பத்து கேழ்வரகு வயல்களுக்கு ஒரு பட்ஜெட்: பென்னாகரம் பக்கம் புதிதாக வேலைக்கு வருபவருக்கு

விவசாயியின் வயலிலேயே புது முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்டுக் காட்டும் செயல்விளக்கத் திடலுக்கு பட்ஜெட் போடச் சொன்னால், புதிதாக வேலைக்கு வந்தவர் முதல் வரியில் விதையை எழுதுவார். அடுத்து உரம், அதற்கடுத்து வயல்விழாவுக்கு ஷாமியானா, சாப்பாடு, பேனர். கடைசியில் மிச்சம் இருக்கும் தொகையைப் பார்த்து, "பயணம்: மாதம் இவ்வளவு" என்று ஒரு எண்ணைப் போட்டு முடித்துவிடுவார். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன்.

அந்த வருடம் விதை சரியாக வந்தது, விதைப்பு நடந்தது, வயல்விழாவுக்கு நல்ல கூட்டமும் வந்தது. அக்டோபர் கடைசியில் கேழ்வரகு அறுவடைக்கு வந்தபோது பெட்ரோல் காசு தீர்ந்திருந்தது. இரண்டாம் தவணைப் பணத்தை நாங்கள் நவம்பரில் எதிர்பார்த்தோம், வந்தது டிசம்பரில். அதற்குள் பத்துப் பேரில் ஏழு பேர் அறுத்து, அடித்து, மூட்டை கட்டிவிட்டார்கள். எங்கள் நெல்லும் உங்கள் நெல்லும் ஒரே குதிருக்குள் போன கதைதான். புது ரகத்தையும் பழைய ரகத்தையும் ஒரே களத்தில் போட்டு அடித்திருந்தார்கள். "எவ்வளவு வந்துச்சுங்க?" என்று கேட்டால், "போன வருசத்துக்கு இது தேவலை தம்பி" என்றார்கள். அறிக்கையில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: பென்னாகரம் பக்கம் மானாவாரிக் கேழ்வரகு, ஆடிப்பட்டம், பத்து விவசாயிகள், களப்பணியாளர் ஒருவர், அவரிடம் ஒரு பைக். சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் போடும் விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையையும் உங்கள் நிறுவனத்தின் விகிதத்தையும் அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில்: எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

பேனாவை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் பதில் இது: ஒரே விவசாயி, ஒரே வயல், ஒரு ஏக்கர். அதில் 50 சென்டில் சான்று விதை, விதை நேர்த்தி, கருவியால் வரிசை விதைப்பு, பரிந்துரைத்த அளவு உரம். மீதி 50 சென்டில் அவர் வழக்கமாகச் செய்வது எதுவோ அதுவே: வீட்டில் எடுத்து வைத்த விதை, கைவீச்சு.

இரண்டாவது பாதியை விட்டுவிட்டு ஒரு ஏக்கரையும் புது முறையில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். பரப்பளவு அறிக்கையில் பெரிதாகத் தெரியும் என்பதுதான் அதற்குக் காரணம். ஒத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வயலோடு ஒப்பிட்டால், "அவன் மண்ணு வேற, என் மண்ணு வேற" என்று ஒரு வார்த்தையில் உங்கள் ஒரு பருவ உழைப்பைத் தள்ளிவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரியும்கூட. பென்னாகரம், ஏரியூர் பக்கத்துச் செம்மண்ணில் நூறடி தள்ளினாலே மண்ணின் ஆழம் மாறிவிடும்.

ஒப்பீடு முடிவானால், பட்ஜெட்டில் எதற்குக் காசு கொடுப்பது என்பதும் முடிவாகிவிடும்: இரண்டு பாதிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு மட்டும். உழவு அவருடையது, தொழு உரம் அவருடையது, அறுவடைக் கூலியும் அவருடையது. விதை, விதை நேர்த்தி, விதைப்புக் கருவி வாடகை, கூடுதலாகும் உரம், வரிசைக்குள் தள்ளும் களைக்கருவி ஆகியவை நம் செலவு. உழவுக்கூலியையும் சேர்த்துக் கொடுத்த ஒரு வருடம், வயல்விழாவில் ஒரு பெரியவர் எழுந்து, "எல்லாம் ஆபீஸ் காசு, எங்களுக்கும் அப்படிக் கொடுத்தா நாங்களும் செய்வோம்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தருமபுரி மாவட்டத்தில் கேழ்வரகைத் தனியாக விதைப்பவர் குறைவு. சில சால்களுக்கு ஒரு சால் மொச்சையோ அவரையோ துவரையோ போடுவார்கள். விவசாயியின் பாதியில் மொச்சை இருந்து நம் பாதியில் இல்லையென்றால், கேழ்வரகை மட்டும் எடைபோடும்போது நம் பாதி ஜெயித்ததுபோலத் தெரியும். அந்த ஜெயிப்பு பொய். முடிந்தால் நம் பாதியிலும் அதே இடைவெளியில் மொச்சைச் சாலை விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் மொச்சையையும் தனியே எடைபோட வேண்டும். மொச்சை கேழ்வரகுக்குப் பிறகுதான் அறுவடைக்கு வரும் என்பதால், அதற்கும் ஒரு பயணம் வேண்டும். கீழே போட்டிருக்கும் கணக்கில், இரண்டு பாதியிலும் மொச்சை இருப்பதாகவும், அதனால் கேழ்வரகை மட்டும் எடைபோட்டால் போதும் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

விதை: தொகை சின்னது, தேதிதான் பெரியது

வரிசை விதைப்புக்கு எக்டேருக்கு 10 கிலோ, அதாவது ஏக்கருக்கு 4 கிலோ கேழ்வரகு விதை போதும். பத்து வயலில் தலா 50 சென்ட் என்றால் 5 ஏக்கர், 20 கிலோ விதை. ஆனால் 40 கிலோவுக்குப் பணம் கேளுங்கள். விதைத்த பிறகு மழை இரண்டு வாரம் ஏமாற்றினால் முளைத்தது காய்ந்துபோகும், மறுபடி விதைக்க வேண்டிவரும். அந்த நேரத்தில் ஊரெல்லாம் விதை தேடிக்கொண்டிருக்கும், அதே ரகம் கிடைக்காது. பாதி வயலில் ஒரு ரகம், மீதியில் வேறு ரகம் என்று ஆகிவிட்டால் அதற்குப் பிறகு ஒப்பீடு என்று ஒன்று கிடையாது. கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் 40 கிலோவுக்கு 2,400 ரூபாய். மொத்த பட்ஜெட்டில் இது நூற்றுக்கு நான்கு ரூபாய்கூட வராது. கடைசியில் கூட்டிப் பாருங்கள்.

தொகை இவ்வளவு சிறியதாக இருந்தும் விதையில் தப்பு நடப்பது தேதியால்தான். நிதி ஜூலையில் வந்தால் விதையை ஜூலையில் வாங்கலாம் என்று உட்கார்ந்திருப்பார்கள். மழையோ ஜூன் கடைசியிலேயே ஒரு பாட்டம் பெய்துவிடும், விவசாயி விதைத்துவிடுவார். எந்த ரகம் வேண்டும் என்பதை மே மாதத்துக்குள் முடிவு செய்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், காவேரிப்பட்டணத்தை ஒட்டிய பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்டு வையுங்கள். கோ 15 போன்ற ரகம் எங்கே எவ்வளவு கிடைக்கும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். நிதி வருவதற்கு முன் இந்த 2,400 ரூபாயை மட்டும் வேறு தலைப்பிலிருந்து முன்பணமாக எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கி, அதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதைப்பை கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது அட்டையின் நிறம். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை. அட்டையில் பரிசோதனைத் தேதி இருக்கும், அதிலிருந்து ஒன்பது மாதம் வரை செல்லும். பிறகு பையிலிருந்து நூறு விதையை எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, சமையலறை மூலையில் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் 75 விதையாவது முளைத்திருக்க வேண்டும். கேழ்வரகுச் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் அதுதான். குறைந்தால் விதைப்புக்கு முன்பே தெரிந்துவிடும், மாற்ற நேரம் இருக்கும். இந்தச் சோதனைக்கு பட்ஜெட்டே வேண்டாம். கடுகைவிடச் சின்ன விதை நூற்றை எண்ணுவதற்குப் பொறுமைதான் வேண்டும்.

மானிய விலையில் விதை வாங்கினால், பில் விவசாயி பெயரில்தான் வரும். அவர் கொடுத்த தொகையை மட்டும் நம் கணக்கில் எழுதுங்கள். முழு விலையை எழுதினால் தணிக்கையில் ஒரு கேள்வி காத்திருக்கும். அதே வயல் வேறு அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே செயல்விளக்கத் திடலாகப் பதிவாகியிருக்கிறதா என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் ஒருமுறை கேட்டுவிடுவதும் நல்லது. ஒரே வயலுக்கு இரண்டு பெயர்ப்பலகை நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

உரத்திலும் இதே சிக்கல் உண்டு. மானாவாரிக் கேழ்வரகுக்கு எக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து பரிந்துரை. 50 சென்டுக்குக் கணக்கிட்டால் 8 கிலோ, யூரியாவாகப் பார்த்தால் 17 கிலோ சொச்சம். மூட்டையோ 45 கிலோ. மானிய உரம் விற்பனை முனையக் கருவியில் விவசாயியின் ஆதாரை வைத்துத்தான் கிடைக்கும். எனவே பத்துப் பேருக்கும் சேர்த்து நிறுவனத்தின் பெயரில் ஒரே பில் போட முடியாது. ஒவ்வொருவரும் வாங்கி, பில்லின் நகலைக் கொடுத்து, கூடுதலான பங்கை மட்டும் நம்மிடம் பெற்றுக்கொள்வதாக எழுதுங்கள். ஆளுக்கு 400 ரூபாய் வைத்தேன்.

ஆக வயல் செலவு: விதை 2,400. விதை நேர்த்திக்கும் உயிர் உரத்துக்கும் ஆளுக்கு 100 வீதம் 1,000. உரம் 4,000. டிராக்டர் விதைப்புக் கருவி வாடகை ஆளுக்கு 500 வீதம் 5,000. சுழற்சியில் கொடுக்க மூன்று களைக்கருவி, தலா 1,800 என்று 5,400. மொத்தம் 17,800 ரூபாய். பெயர்ப்பலகை பத்துக்கு 4,500. விதையைவிடப் பலகைக்குக் காசு அதிகம், என்ன செய்வது, புகைப்படத்தில் தெரிவது பலகைதானே.

பயணம்: அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வயல்கள் இரண்டு வழித்தடத்தில் இருப்பதாக வைப்போம். முதல் தடத்தில் ஐந்து வயல், பென்னாகரத்திலிருந்து போய்வர 46 கிலோமீட்டர். இரண்டாவது தடத்திலும் ஐந்து, போய்வர 58. பத்து வயலையும் ஒரு சுற்று பார்க்க இரண்டு நாள், 104 கிலோமீட்டர்.

வழக்கமான சுற்றுகள் ஆறு: வயல் தேர்வு, மண் மாதிரி எடுத்து விதை கொடுப்பது, விதைப்பு, இருபதாம் நாள் களை, மேலுரம், கதிர் வெளிவரும் நேரம். இந்தக் கடைசிச் சுற்றைத் தவறவிடாதீர்கள். மேகமூட்டமும் குளிருமாக இருக்கும் அக்டோபரில் குலை நோய் கதிரின் கழுத்திலும் விரல்களிலும் இறங்குவது அப்போதுதான் கண்ணில் படும். ஆறு சுற்றுக்கு 624 கிலோமீட்டர், 12 நாள்.

இனி அறுவடை. விதைப்புக்கு மழை பெய்த மறுநாளே எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். அறுவடையில் அப்படி நடக்காது. மேட்டு நிலத்தில் ஒரு வாரம் முன்னால் முற்றும், மறுவிதைப்பு போட்டது இரண்டு வாரம் தள்ளும். ஒருவருக்கு ஆள் கிடைக்காது, இன்னொருவர் மழைக்குப் பயந்து முன்கூட்டியே அறுப்பார். மாதிரி அறுவடை என்பது வயலில் அளந்து குறித்த சதுரத்தை மட்டும் அறுத்து எடைபோடுவது; ஒரு நாளில் இரண்டு வயலுக்கு மேல் அதைச் செய்ய முடிந்ததே இல்லை. எனவே ஐந்து பயணம். அறுத்த கதிரை அன்றே எடைபோட்டால் ஈரத்தையும் சேர்த்து நிறுப்பதாகிவிடும். காயவைத்து, அடித்து, தூற்றி, தானியத்தை நிறுக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஐந்து பயணம். சராசரி 52 கிலோமீட்டர் வீதம் பத்துப் பயணத்துக்கு 520 கிலோமீட்டர், பத்து நாள்.

விதைக்கும் ஆலோசனைக்கும் பாப்பாரப்பட்டி போன்ற இடங்களுக்கு மூன்று பயணம், 120 கிலோமீட்டர். ஆகக் கூட்டினால் 1,264 கிலோமீட்டர், 25 நாள். இதற்கு மேல் நூற்றுக்கு 15 சேருங்கள். போன இடத்தில் சாவு வீடாக இருக்கும், விவசாயி ஓசூருக்கு மகனைப் பார்க்கப் போயிருப்பார், பாதி வழியில் மழை பிடிக்கும். சேர்த்தால் ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர், 29 நாள். கிலோமீட்டருக்கு 5 ரூபாய், நாள்படி 200 என்று வைத்தால் 7,250-உம் 5,800-உம் சேர்ந்து 13,050 ரூபாய்.

இப்போது என் முதல் வருடத் தப்பைப் பாருங்கள். இந்த 1,450 கிலோமீட்டரை ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து மாதத்துக்குச் சமமாகப் பிரித்தால் மாதம் 290. அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் நடுவரை உள்ள மூன்று வாரத்துக்கு மட்டும் 520 வேண்டும். மாத உச்சவரம்பு வைத்த அலுவலகத்தில், ஆகஸ்டில் மிச்சமானதை நவம்பருக்கு எடுத்துப்போகவும் விடமாட்டார்கள். மொத்தத் தொகை சரியாக இருந்தும் வேலை நின்றுபோகும். எனவே பயணத்தை மாத வாரியாக எழுதாமல் பயிரின் கட்ட வாரியாக எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வரி கொடுங்கள். "மாதிரி அறுவடையும் எடையும்: 10 பயணம், 520 கி.மீ." என்ற வரியை யாரும் எளிதில் வெட்ட முடியாது. "இதர பயணம்" என்று எழுதினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

தவணைக்கும் இதே விதி. செப்டம்பர் 30 வரையான செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் இரண்டாம் தவணை என்று பல நிதிதாரர்கள் வைத்திருப்பார்கள். சான்றிதழ் தயாராகி, பார்க்கப்பட்டு, பணம் வருவதற்கும் கேழ்வரகு முற்றுவதற்கும் போட்டி வந்தால் எப்போதும் கேழ்வரகுதான் ஜெயிக்கும். நடுவில் தீபாவளியும் வரும், கணக்குப் பிரிவில் யாரும் இருக்கமாட்டார்கள். அறுவடைப் பயணத்தையும் அறுவடைக் கருவிகளையும் முதல் தவணையிலேயே கேளுங்கள். "நவம்பர் செலவுக்கு ஜூனிலேயே ஏன் பணம்?" என்று கேட்பார்கள். பயிர்க் காலண்டரைக் காட்டுங்கள்.

மாதிரி அறுவடைக்கு என்ன வேண்டும்

5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். கயிறும் நான்கு முளைக்குச்சியும் போதும். சதுரம் சரிதானா என்று பார்க்க மூலைக்கு மூலை அளந்துவிடுங்கள். இரண்டு குறுக்களவும் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வரவேண்டும். சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதை வயலுக்குள் இறங்கும் முன்பே தீர்மானியுங்கள். நான் சட்டைப்பையிலுள்ள பத்து ரூபாய் நோட்டின் கடைசி இரண்டு எண்ணைப் பார்ப்பேன். 37 என்றால் நீளவாட்டில் மூன்று, அகலவாட்டில் ஏழு என்று பத்தடிகளாக எண்ணி நடப்பேன், வயலைத் தாண்டினால் அடுத்த நோட்டு. இல்லையென்றால் கால் தானாகவே நல்ல பயிர் இருக்கும் பக்கம் போகும், விவசாயியும், "இங்க வாங்க சார், இங்கதான் நல்லா இருக்கு" என்று கையைப் பிடித்து இழுப்பார்.

ஒவ்வொரு பாதியிலும் இரண்டு சதுரம், ஆகப் பத்து வயலுக்கு 40 சதுரம். அறுத்த கதிரைத் தனித்தனிப் பையில் போட்டு, உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. வெளிச்சீட்டு மட்டும் போட்டால் எலியோ மழையோ எடுத்துக்கொண்டு போய்விடும்.

25 சதுர மீட்டரிலிருந்து ஏக்கருக்கு மாற்ற 162-ஆல் பெருக்க வேண்டும். ஆகவே நிறுவையில் 100 கிராம் பிசகினால் ஏக்கருக்கு 16 கிலோ பிசகு. கடைத்தராசில் கண்மதிப்பாக நிறுக்காமல், கிராம் காட்டும் தொங்கு தராசு ஒன்றை பட்ஜெட்டில் வையுங்கள். தராசு, டேப், கயிறு, நாற்பது பை, தார்ப்பாய் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய். வயலுக்கு இரண்டு ஆள், ஆளுக்கு 350 என்று பத்து வயலுக்கு 7,000. மொத்தம் 11,000.

ஒரு வயலின் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். நம் பாதியில் சதுரத்துக்குச் சராசரி 5.8 கிலோ, விவசாயியின் பாதியில் 4.6 கிலோ வந்தது என்று வைப்போம். ஏக்கருக்கு முறையே 940 கிலோ, 745 கிலோ. வித்தியாசம் 195 கிலோ சுமார். 2024-25 பருவத்தில் கேழ்வரகுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். அந்த விலையில் ஏக்கருக்கு 8,300 ரூபாய்க்கு மேல் கூடுதல் வரவு. கூடுதல் செலவு ஏக்கருக்கு விதை 240, நேர்த்தி 200, உரம் 800, விதைப்புக் கருவி 1,000 என்று 2,240. கழித்தால் கையில் நிற்பது 6,000 ரூபாய் சொச்சம். இந்த ஒரு எண்ணைச் சொல்லத்தான் அத்தனை கிலோமீட்டரும். மாதிரி அறுவடை இல்லாவிட்டால் இது கிடையாது.

பத்து வயலில் இரண்டிலோ மூன்றிலோ வித்தியாசமே இல்லாமலும் போகும், விவசாயியின் பாதி ஜெயித்தும் இருக்கும். அதையும் அப்படியே எழுதுங்கள். பெரும்பாலும் விதைப்பு தள்ளிப்போன வயலாக இருக்கும், அல்லது மண் ஆழமில்லாத வயலாக இருக்கும்.

வயல்விழா

நாள் குறிப்பதில்தான் வேலை. அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு, கதிர் பழுப்பேறத் தொடங்கியபோது வைத்தால் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதிகாரி வரும் தேதிக்காகக் காத்திருந்து, அறுத்த தாளைக் காட்டி விழா நடத்தியவர்கள் உண்டு. சந்தை நாளைத் தவிர்த்து விடுங்கள். காலைப் பால் ஊற்றி முடிந்து பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள்.

60 பேர் என்று வைத்தால் சாப்பாடு 6,000, டீயும் வடையும் 1,200, பேனர் 500, தண்ணீர், மைக் போன்றவை 800. ஷாமியானாவை எடுத்துவிட்டேன், புளியமரத்து நிழல் போதும். அந்தக் காசில் அடுத்த ஊர்களிலிருந்து ஆட்களை அழைத்துவர இரண்டு வேன், 5,000. அதே ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிற வயலுக்கு விழா எடுத்து என்ன பயன்? இன்னொரு 1,000 ரூபாயை வயலின் சொந்தக்காரருக்கு என்று தனியாக வையுங்கள். அறுபது பேர் இறங்கி நடந்தால் வரப்போரம் கொஞ்சம் பயிர் மிதிபடத்தான் செய்யும். அதைப் பேசிவைக்காமல் விட்டால் அடுத்த வருடம் அவர் வயல் கொடுக்கமாட்டார். மிதிக்கும் இடத்தில் மாதிரிச் சதுரம் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக விழாவுக்கு 14,500.

பேச்சு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நான் பார்த்தவரையில் விழா நடப்பது மைக்குக்கு முன்னால் இல்லை. இரண்டு பாதியிலிருந்தும் ஒவ்வொரு கதிரை ஒடித்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, இரண்டு கையிலும் இருக்கும் தானியத்தை மாறி மாறிப் பார்க்கும் இடத்தில்தான் அது நடக்கிறது. ஒருமுறை ஒரு பாட்டி அப்படிப் பார்த்துவிட்டு என்னிடம், "கேவுரு நல்லாத்தான் இருக்குது சாமி. மாட்டுக்குத் தாள் எவ்ளோ வரும்?" என்று கேட்டார். நாங்கள் தாளை நிறுக்கவே இல்லை. அடுத்த வருடத்திலிருந்து அதே தொங்கு தராசில் சதுரத்தின் தாளையும் நிறுத்து எழுதுகிறோம். கூடுதல் செலவு ஒன்றும் இல்லை.

கூட்டிப் பார்த்தால்

வயல் செலவு 17,800, பலகை 4,500, மாதிரி அறுவடை 11,000, வயல்விழா 14,500, பயணம் 13,050. மொத்தம் 60,850. எதிர்பாராத செலவுக்கு 3,000 சேர்த்தால் 63,850 ரூபாய். விதை 2,400 மட்டுமே. பயணம் ஐந்தில் ஒரு பங்கு. இதைப் பார்த்ததும் மேலிருந்து, "பயணம் அதிகமாக இருக்கிறதே, குறையுங்கள்" என்று பதில் வரும். குறைக்கத்தான் வேண்டுமென்றால் சுற்றுகளைத் தொடாமல் வயல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு தடத்தை விட்டுவிட்டு ஆறு வயலை நெருக்கமாக வைத்தால் பயணமும் ஏறத்தாழப் பாதியாகும். எடைபோட்ட ஆறு வயல், எடைபோடாத பத்தைவிடப் பயன்படும்.

தாள்கள் விஷயத்தில் இரண்டே இரண்டைச் சொல்லி விடுகிறேன். பைக்கின் மீட்டர் எண்ணைப் புறப்படும்போதும் திரும்பும்போதும் லாக் புக்கில் எழுதி, போன வயலின் சொந்தக்காரரிடம் அன்றே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் எல்லா நாளும் 52 கிலோமீட்டர் என்று வரும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். பெட்ரோல் பங்கில் கொடுக்கும் பில் வெயில் பட்டால் வெளுத்துவிடும். தணிக்கைக்கு மார்ச்சில் கோப்பைப் பிரித்தபோது வெறும் வெள்ளைச் சீட்டுகளாக இருபது இருந்தன. வாங்கிய அன்றே நகல் எடுத்துச் சேர்த்து ஒட்டிவிடுங்கள்.